மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் ராஜினாமா கடிதம்: நடுவில் எத்தனை நாள் விடலாம்?

முகில்

வணக்கம். வேறு நிறுவனத்தில் ஆஃபர் வந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அங்கே சேர வேண்டிய தேதி நவம்பர் 4. இங்கே நோட்டீஸ் பீரியட் 60 நாள். கடிதத்தை செப்டம்பர் 2 அன்று கொடுப்பதாகத் திட்டம். அரையாண்டு போனஸ் ஆகஸ்ட் சம்பளத்தோடு 31ஆம் தேதி வரும்.

என் மேனேஜர் நல்லவர். எனக்காகப் பல இடங்களில் பேசியவர். திடீரென்று அவர் மேஜையில் கடிதத்தை வைக்க மனசு வரவில்லை. அதனால் ஒரு வாரம் முன்னாலேயே, அதாவது ஆகஸ்ட் 26 வாக்கில், "இப்படிப் போகப்போகிறேன்" என்று தனியாகச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் ஹெச்ஆரிடம் சொல்லாமல் வைத்திருப்பாரா? எப்படிச் சொல்வது, எவ்வளவு முன்னால் சொல்வது என்பதுதான் என் கேள்வி. போகலாமா வேண்டாமா என்பதில் குழப்பமில்லை.

---

நேர்க்கோடு

தாராளமாகச் சொல்லுங்கள், பயமே வேண்டாம். வாயால் சொன்னதற்கு எந்த மதிப்பும் கிடையாது. எழுத்தில் கொடுக்கும்வரை நீங்கள் ராஜினாமா செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நாளைக்கு மனசு மாறினாலும் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று விட்டுவிடலாம். நோட்டீஸ் பீரியடும் கடிதம் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும்.

---

அகல்விளக்கு

ஹெச்ஆர் வேலையில் பல வருடமாக இருக்கிறேன், இது தினமும் பார்க்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நேர்க்கோடு சொன்னதில் பாதி சரி. உங்கள் ஒப்பந்தத்தில் "எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்" என்று இருந்தால் நாள்கணக்கு கடிதம் கிடைத்த தேதியிலிருந்துதான். ஆனால் எல்லா ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்காது. அது இல்லாத இடத்தில், சில நாடுகளின் சட்டப்படி, "நான் ராஜினாமா செய்கிறேன்" என்று தெளிவாகச் சொன்ன வாய்மொழியே ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளப்படலாம். ஆகவே முதல் வேலை ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிப்பது. இரண்டாவது, பேசும்போது வார்த்தையைக் கவனிப்பது. "ராஜினாமா செய்கிறேன்", "இன்றோடு நோட்டீஸ்" என்றெல்லாம் சொல்லாதீர்கள். "செப்டம்பர் 2 அன்று கடிதம் கொடுக்கப்போகிறேன்" என்று நாளைக் குறிப்பிட்டு, இனி நடக்கப்போவதாகச் சொல்லுங்கள். முதலாவது நடந்துவிட்ட செயல். இரண்டாவது ஓர் அறிவிப்பு மட்டும்.

இனி உங்கள் தேதிகள். இதில் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை போனஸ். பல நிறுவனங்களின் போனஸ் விதியில் "பணம் வழங்கும் தேதியில் வேலையில் இருக்க வேண்டும்" என்பதோடு "நோட்டீஸில் இருக்கக் கூடாது" என்றும் ஒரு வரி இருக்கும். 26ஆம் தேதி நீங்கள் வாயால் மட்டும் சொன்னால் விதிப்படி நோட்டீஸில் இல்லைதான். ஆனால் பெரும்பாலும் போனஸ் தொகையை முடிவு செய்வதில் மேனேஜருக்குப் பங்கு உண்டு. போகிறவர் என்று தெரிந்த பிறகு, அந்தப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடும் சங்கடத்தை அவருக்குக் கொடுக்கிறீர்கள். மேலிடத்தில் யாராவது "இவர் போகிறார் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? பொய் சொல்ல வேண்டும், அல்லது உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவர் நல்லவர் என்பதாலேயே அந்த நிலையில் அவரை நிறுத்தக் கூடாது. போனஸ் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகுதான் பேச்சு.

இரண்டாவது ஓட்டை நாள்கணக்கு. செப்டம்பர் 2 கொடுத்தால் 60 நாள் நவம்பர் 1 அன்று முடிகிறது. கொடுத்த நாளையும் முதல் நாளாகச் சேர்ப்பது உங்கள் நிறுவன வழக்கம் என்றால் அக்டோபர் 31. புது இடத்தில் நவம்பர் 4 சேர வேண்டும் என்றால் இங்கே கடைசி நாள் அதிகபட்சம் நவம்பர் 3. அதிலிருந்து பின்னால் எண்ணினால் கடிதம் கொடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் 4. அதாவது உங்களுக்கு இருக்கும் இடைவெளி இரண்டே நாள். மேனேஜர் "டைரக்டர் 9ஆம் தேதிதான் திரும்பி வருகிறார், அவரிடம் நான் பேசிய பிறகு கடிதம் கொடு" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டு, நீங்களும் சரி என்று சொல்லிவிட்டால், கடைசி நாள் நவம்பர் 8க்குப் போய்விடும். ஐந்து நாள் இடிக்கும். அந்த ஐந்து நாளுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும், அல்லது புது இடத்தில் தேதி மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அந்த வாக்குறுதியைக் கேட்டவர் இதில் எதையும் ஏற்க மாட்டார்.

முன்கூட்டிச் சொல்வதில் கெடுதல் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. பகையால் வருவது குறைவு, "கொஞ்சம் பொறு" என்ற நல்லெண்ணத்தால் வருவது அதிகம். அதனால் கடிதத்தின் தேதியை முதலில் கல்லில் வெட்டிவிட்டு, அதற்கு ஏற்றபடி பேச்சை வையுங்கள். பேச்சுக்காகக் கடிதம் நகரக் கூடாது.

---

நேர்க்கோடு

ஒப்பந்தத்தில் எழுத்துமூலம் என்ற வரி எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அது சரி. ஆனால் அப்படியென்றால் எவ்வளவு முன்னால்தான் சொல்வது? ஒரு நாள் முன்னால் சொல்வதற்கும் கடிதத்தையே கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

---

அகல்விளக்கு

நல்ல கேள்வி. ஒரு நாளில் மேனேஜருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

இன்று பல இடங்களில் ராஜினாமா ஒரு போர்ட்டலில் போடுவது. "சமர்ப்பி" என்று அழுத்திய நொடியில் மேனேஜருக்கு, அவருக்கு மேலே இருப்பவருக்கு, ஹெச்ஆருக்கு, சில இடங்களில் ஐடி பிரிவுக்கும்கூட ஒரே நேரத்தில் தானியங்கி மெயில் போகும். மேனேஜர் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய பாஸ் "உங்கள் டீமில் ஒருவர் போகிறாராமே?" என்று கேட்பார். தன் ஆளைப் பற்றி மேலே இருப்பவர் வாயால் கேட்பதுதான் மேனேஜருக்கு உண்மையான அவமானம். முன்னால் சொல்வதன் நோக்கம் அதைத் தவிர்ப்பது. அதற்கு ஒரு மாலையும் ஒரு காலையும் போதும். அதற்குள் அவர் தன் பாஸிடம் தானே சொல்லிவிடலாம், மாற்று ஆள் கேட்டுக் கோரிக்கை எழுதலாம், அடுத்த வாரம் உங்கள் பெயரில் போடவிருந்த புது வேலையை வேறு ஒருவருக்கு மாற்றலாம்.

ஒரு வாரம் என்றால் கூடுதலாக என்ன கிடைக்கிறது? ஒரு ரகசியம். அதைச் சுமப்பது மட்டும்தான்.

---

பத்துப்பேர் டீம்

மேனேஜர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

"சொல்லாமல் வைத்திருப்பாரா" என்று கேட்டிருக்கிறீர்கள். பல நிறுவனங்களில் ஒருவர் போவது உறுதி என்று மேனேஜருக்குத் தெரிந்தால் ஹெச்ஆருக்குச் சொல்ல வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. எழுதப்படாத இடத்திலும் அது எதிர்பார்ப்பு. "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்பதை மேனேஜர் மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம். "ஆஃபர் கையெழுத்தாகிவிட்டது, இந்தத் தேதியில் போகிறேன்" என்பதை வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொண்டால் அவர்தான் மாட்டுவார்.

அதனால் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்காதீர்கள். நேர்மையான மேனேஜரால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றுகிறவர் தனக்குத்தானே குழி தோண்டுகிறார். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "இதைச் சொன்னதும் நீங்கள் உடனே யாரிடமாவது தெரிவிக்க வேண்டியிருக்குமா?" ஆமாம் என்றால், நீங்கள் அந்த உரையாடலிலிருந்து எழுந்ததுமே கடிதத்தை அனுப்பிவிட வேண்டும். இல்லை, நாளை வரை தாங்கும் என்றால் நாளைக் காலை அனுப்புங்கள்.

இன்னொன்று. டீமுக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் அந்தப் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து பக்கத்துச் சீட்டு நண்பரிடம் சொன்னால், மேனேஜர் தன் பாஸைப் பார்ப்பதற்குள் செய்தி மாடி ஏறிவிடும்.

---

செந்தூரம்

எனக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். மேனேஜர் நண்பர் மாதிரி. நான் மூன்று இடத்தில் இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றில் கடைசிச் சுற்று. எனக்கு நோட்டீஸ் 90 நாள். இப்போதே அவரிடம் சொல்லி வைத்தால், ஆஃபர் வரும்போது சீக்கிரம் விடுவிப்பார் என்று நினைக்கிறேன். சரிதானே?

---

அகல்விளக்கு

செந்தூரம், உங்கள் நிலைமை முகிலுடையது மாதிரி இல்லை. அவரிடம் கையெழுத்தான ஆஃபர் இருக்கிறது, தேதி இருக்கிறது. உங்களிடம் இருப்பது தேடல். "தேடுகிறேன்" என்ற செய்திக்கு முடிவு நாள் கிடையாது. கடைசிச் சுற்று தள்ளிப்போகலாம், ஆஃபர் வராமல் போகலாம். அதுவரை நீங்கள் "போகிறவர்" பட்டியலில் இருப்பீர்கள். மேனேஜர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த நீண்ட திட்டத்துக்கு ஆள் போடும்போது உங்களைத் தள்ளி வேறு ஒருவரைப் போடுவது அவர் கடமை. ஆள்குறைப்பு வந்தால் எப்படியும் போகப்போகிறவர் பெயர் முதலில் நினைவுக்கு வரும்.

சீக்கிரம் விடுவிப்பதும் அவர் கையில் மட்டும் இருக்காது. 90 நாளை 45 ஆக்குவதற்கு ஹெச்ஆர் ஒப்புதல் வேண்டும். அது கடிதம் கொடுத்த பிறகுதான் தொடங்கும் பேச்சு.

ஒரே ஒரு விதிவிலக்கு. புது நிறுவனம் இப்போதைய மேனேஜரைத்தான் ரெஃபரன்ஸாகக் கேட்கிறது என்றால் சொல்லத்தான் வேண்டும். அப்போதும் "ஆஃபர் உறுதியான பிறகு, கடைசிக் கட்டத்தில் மட்டும் கூப்பிடுங்கள்" என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முகில், நீங்கள் ஒன்று சொல்லவில்லை. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் முடிந்துவிட்டதா?

---

முகில்

ஆவணங்கள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. முடிந்ததாக மெயில் எதுவும் வரவில்லை. ஆஃபர் லெட்டரில் கையெழுத்து இருக்கிறதே, அது போதாதா?

---

அகல்விளக்கு

லெட்டரைத் திறந்து "இந்த ஆஃபர் சரிபார்ப்பு திருப்திகரமாக முடிவதைப் பொறுத்தது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால் கையெழுத்து இருந்தும் அது நிபந்தனை ஆஃபர்தான். பழைய வேலைத் தேதிகளில் ஒரு மாத வித்தியாசம், படிப்புச் சான்று தாமதம், இவ்வளவு போதும் இழுத்துக்கொண்டு போக.

அவர்களுடைய ஹெச்ஆருக்கு ஒரே வரியில் எழுதுங்கள்: "செப்டம்பர் 2 அன்று இங்கே ராஜினாமா கொடுக்க இருக்கிறேன். அதற்கு முன் சரிபார்ப்பு முடிந்தது என்பதையும் சேரும் தேதி நவம்பர் 4 என்பதையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள்." பதில் வராமல் மேனேஜரிடம் வாய் திறக்க வேண்டாம். செப்டம்பர் 4 வரையிலும் பதில் வரவில்லை என்றால், இங்கே நகர வேண்டியது சேரும் தேதி. கையில் இருக்கும் வேலையை அதற்காக விட வேண்டாம். தாமதம் அவர்களுடையது என்பதால் தேதியைத் தள்ளிக் கேட்பதில் உங்களுக்குச் சங்கடம் எதுவும் இல்லை.

சில நிறுவனங்கள் தற்போதைய வேலையிடத்தை மட்டும் ராஜினாமாவுக்குப் பிறகு சரிபார்ப்பார்கள். அப்படி என்றால் "மற்றவை முடிந்தன, அது மட்டும் பாக்கி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அது போதும்.

---

குறிஞ்சிமலர்

ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் ஒரு நாள் போதும் என்கிறீர்கள். சிறிய டீமில் அது நியாயமில்லை என்று நினைக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில், மேனேஜர் அடுத்த வாரம் வாடிக்கையாளரிடம் "இவர்தான் உங்கள் வேலையை ஆறு மாதம் பார்ப்பார்" என்று முகிலின் பெயரைச் சொல்லப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது தெரிந்தும் வாய் மூடி இருந்துவிட்டு, அவர் பெயரைச் சொன்ன மறுநாள் கடிதம் கொடுப்பது அவர் முகத்தில் கரி பூசுவதாகும். 60 நாள் நோட்டீஸ் இருக்கிறது என்பது இங்கே உதவாது, வாடிக்கையாளர் முன்னால் கொடுத்த வார்த்தை திரும்ப வராது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாரம் முன்னால் சொல்வதுதான் அந்த உறவுக்கு மரியாதை. ரிஸ்க் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதை நாம் எடுக்க வேண்டும்.

---

பத்துப்பேர் டீம்

இந்த வாதத்தில் எடை இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வாடிக்கையாளர் மீட்டிங் இருப்பது தெரிந்தால், கடிதத்தையே அதற்கு முன்னால் கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் முழு விஷயத்தையும் சொல்லாமல், "இந்த ஆறு மாத வேலைக்கு என் பெயரைப் போட வேண்டாம், காரணத்தைச் சில நாளில் சொல்கிறேன்" என்று சொல்லலாம். அனுபவமுள்ள மேனேஜருக்கு அதுவே புரியும். அவருக்கு அதிகாரபூர்வமாக ஒன்றும் தெரியாது என்பதால் யாருக்கும் தெரிவிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு வராது.

---

குறிஞ்சிமலர்

அப்படி அரைகுறையாகச் சொல்வது நேரடியாகச் சொல்வதைவிட மோசம் என்பது என் எண்ணம். புரிந்துகொண்டு புரியாத மாதிரி நடிக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், இருக்கட்டும்.

---

சாளரம்

முகில், இதற்கிடையில் யாரும் சொல்லாத ஒன்று. பேசுவதற்கு முந்தைய வாரம் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறீர்கள் என்பதில் கவனம்.

உங்களுடைய சொந்த ஆவணங்கள், அதாவது சம்பளச் சீட்டு, வரிச் சான்று, மதிப்பீட்டுக் கடிதம், விடுப்புக் கணக்கு, போனஸ் விதி, ஒப்பந்தத்தின் நகல், இவற்றை முன்பே போர்ட்டலில் இருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்த அன்றே அக்சஸ் நிறுத்தும் இடங்கள் உண்டு, குறிப்பாகப் போட்டி நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்று தெரிந்தால். மேனேஜர் விரும்பினாலும் அதைத் தடுக்க முடியாது.

ஆனால் வேலை சம்பந்தமான எதையும் தொடாதீர்கள். தகவல் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்கள் ராஜினாமா வந்ததும் செய்யும் வழக்கமான வேலை, அந்த நபரின் முந்தைய சில வாரப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்ப்பது. மொத்தமாக டவுன்லோட் செய்தது, பென்டிரைவ் செருகியது, சொந்த மெயிலுக்குக் கோப்பு அனுப்பியது எல்லாம் அதில் தெரியும். மாதிரிக்கு இருக்கட்டும் என்று எடுத்த ஒரு பிரசன்டேஷன்கூடச் சுமுகமாகப் போக வேண்டிய பிரிவை விசாரணையாக மாற்றிவிடும்.

அடுத்து, விஷயத்தை ஆபீஸ் சாட்டில் தொடங்காதீர்கள். "கொஞ்சம் பேசணும், வேலையை விடுறது பற்றி" என்று தட்டினால் அது சர்வரில் நேரத்தோடு பதிவாகிவிடும். "நாளை 20 நிமிஷம் தனியாகப் பேச முடியுமா" என்பது போதும். காலண்டரில் மீட்டிங் போட்டால் தலைப்பைச் சாதாரணமாக வையுங்கள், பலருடைய காலண்டர் டீமுக்கே தெரியும்படி திறந்திருக்கும்.

---

முகில்

இது ரொம்ப உதவி. ஒரு சிக்கல்: மேனேஜர் வேறு ஊரில் இருந்து வேலை பார்க்கிறார். நேரில் பார்க்க வாய்ப்பில்லை. வீடியோ காலில்தான் பேச வேண்டும்.

---

சாளரம்

அப்படியென்றால் காலில் தானியங்கி ரெக்கார்டிங், எழுத்தாக்கம் இரண்டும் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நிறுவனங்களில் மீட்டிங் தொடங்கினாலே எழுத்தாக்கம் ஓட ஆரம்பிக்கும், முடிந்ததும் பேசியது முழுவதும் அழைப்பில் இருந்த எல்லோருக்கும் மெயிலில் வரும். வாராந்திரத் தனிச் சந்திப்பு ஏற்கனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் அதில் முன்பு அழைக்கப்பட்ட வேறு யாரும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் எளிய வழி, சொந்த போனில் கூப்பிடுவது. அவருக்கும் அது சகஜமாக இருக்கும் என்றால்.

---

அகல்விளக்கு

பேச்சில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நீளம் வேண்டாம். ஐந்து நிமிடம் நீங்கள், மீதி அவர். கிட்டத்தட்ட இப்படி:

"சார், வேறு யாருக்கும் முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். முடிவு உறுதியானது. நாளைக் காலை பத்து மணிக்குப் போர்ட்டலில் ராஜினாமா போடப்போகிறேன், 60 நாள் முழுவதும் இருக்கிறேன். அதற்குள் நீங்கள் மேலே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கையில் இருக்கும் மூன்று வேலைகளை யாருக்கு மாற்றலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. "ஏற்றுக்கொண்டிருக்கிறேன், உறுதி" என்பது கவுன்ட்டர் ஆஃபருக்கான கதவைச் சாத்துகிறது. "நாளைப் பத்து மணி" என்பது "கொஞ்சம் பொறு" என்பதற்கு இடம் கொடுக்கவில்லை. "சொல்லிவிடுங்கள்" என்பது அவரை ரகசியத்திலிருந்து விடுவிக்கிறது. எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் "சேர்ந்த பிறகு சொல்கிறேன்" என்பது முழுமையான பதில். காரணம் கேட்டால் ஒரே வரி. குறைகளைப் பட்டியலிடும் இடம் அது இல்லை.

உங்களுக்கு உண்மையில் கவுன்ட்டர் ஆஃபர்தான் வேண்டும் என்றால் இது சரியான வழி இல்லை. அது சம்பளப் பேச்சு, அதை வேறு நாளில் வேறு விதமாகப் பேச வேண்டும். இரண்டையும் கலந்தால் நம்பிக்கை போய்விடும்.

அவர் "ரெண்டு நாள் கொடு" என்று கேட்டால், உங்கள் விஷயத்தில் செப்டம்பர் 4 வரை கொடுக்க இடம் இருக்கிறது. முதல் தடவை கேட்டால் "4ஆம் தேதி காலை, அதற்கு மேல் என்னால் முடியாது, சேரும் தேதி இடிக்கும்" என்று சொல்லலாம். இரண்டாவது தடவையும் கேட்டால் போட்டுவிடுங்கள். வருத்தப்பட்டுக்கொண்டே போடலாம், தப்பில்லை.

---

நேர்க்கோடு

விஷயம் கையை விட்டுப் போகிறது என்று எப்படித் தெரியும்? அதாவது சொன்ன பிறகு, கடிதத்துக்கு முன்னால்.

---

அகல்விளக்கு

மேனேஜருக்கு மட்டும் தெரிந்த விஷயம் வேறு இடத்திலிருந்து திரும்பி வருவதுதான் அறிகுறி. ஹெச்ஆரிடமிருந்து தலைப்பில்லாத மீட்டிங் அழைப்பு, வழக்கமாக வரும் திட்டமிடல் கூட்டத்தில் உங்கள் பெயர் இல்லாமல் போவது, "நீ பார்க்கும் வேலையையெல்லாம் எழுதி வை" என்று மேனேஜருக்கு மேலே இருப்பவர் கேட்பது, திடீரென்று ஒரு கோப்புறையில் அனுமதி இல்லை என்று வருவது. இதில் ஒன்று நடந்தாலும் யாரையும் விசாரித்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த மணி நேரமே கடிதத்தை அனுப்புங்கள். காரணம் எளிது: உங்கள் கடிதம் பதிவாகும்வரை பிரிவின் தேதியையும் முறையையும் மற்றவர்கள் தீர்மானிக்க முடியும். பதிவான பிறகு ஒப்பந்தத்தின் நோட்டீஸ் வரி பேசும். அன்றே வெளியே அனுப்பினாலும் நோட்டீஸ் காலச் சம்பளம் தருவதா என்பதை அந்த வரிதான் முடிவு செய்யும்.

அதனால்தான் பேசுவதற்கு முன்பே கடிதம் தயாராக, தேதி போட்டு, உங்கள் சொந்த மெயிலில் டிராஃப்டாக இருக்க வேண்டும்.

---

முகில்

கடிதம் இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"நான் எனது பணியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். ஒப்பந்தப்படி 60 நாள் நோட்டீஸை இன்று, செப்டம்பர் 2 அன்று கொடுக்கிறேன். என் கணக்கின்படி கடைசி வேலை நாள் நவம்பர் 1. இதை உறுதி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நேற்று நாம் பேசியபடி வேலை ஒப்படைப்புக் குறிப்பை இணைத்துள்ளேன்."

போர்ட்டலில் போட்டுவிட்டு, இதையே மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் மெயிலிலும் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

---

சாளரம்

மெயிலைச் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள், அல்லது சொந்த முகவரிக்கு நகல் வையுங்கள். போர்ட்டலில் போட்டதும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட். சில போர்ட்டல்களில் மேனேஜர் "பேச்சுவார்த்தையில் உள்ளது" என்று நிறுத்தி வைக்க முடியும், அப்போது கடைசி நாள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பதில் சண்டை வரும். கையில் மெயில் இருந்தால் சண்டை இல்லை.

---

பத்துப்பேர் டீம்

"நேற்று நாம் பேசியபடி" என்பதை எடுத்துவிடுங்கள் என்பேன். அந்த மூன்று வார்த்தை ஹெச்ஆர் கோப்பில் நிரந்தரமாக இருக்கும், மேனேஜருக்கு ஒரு நாள் முன்பே தெரியும் என்று. ஒரு நாள் என்பதால் பெரிய விஷயமில்லை, இருந்தாலும் அவர் அன்று மாலையே மேலே சொல்லாமல் இருந்திருந்தால் அவரிடம் கேள்வி வரும். "ஒப்படைப்புக் குறிப்பை இணைத்துள்ளேன்" மட்டும் போதும்.

---

குறிஞ்சிமலர்

எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்த வரி இருந்தால், முறைப்படி மேனேஜரிடம் முதலில் சொன்னார் என்பதற்குச் சான்று. நாளைக்கு "தன் மேனேஜருக்குக்கூடச் சொல்லாமல் போட்டார்" என்று யாரும் சொல்ல முடியாது. அவர் சொந்த பாஸிடம் சொல்லிவிட்டார் என்றால் அவருக்கும் அது நல்லதுதானே?

---

அகல்விளக்கு

சொல்லிவிட்டாரா என்பதைப் பொறுத்தது. அதனால் அவரையே கேளுங்கள், போன் பேச்சின் கடைசியில் ஒரு கேள்வி: "கடிதத்தில் நாம் பேசியதைக் குறிப்பிடட்டுமா?" அவர் என்ன சொல்கிறாரோ அப்படி. நாள்கணக்குக்கு அந்த வரி எந்த விதத்திலும் தேவையில்லை.

"நவம்பர் 1" என்று எழுதியது சரி. அவர்கள் அக்டோபர் 31 என்று திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள், உங்களுக்கு நஷ்டமில்லை. நவம்பர் 1 உங்கள் இடத்தில் விடுமுறை நாளாக இருந்தால், கடைசி நாள் அதற்கு முந்தைய வேலை நாளா அடுத்த வேலை நாளா என்று உறுதிப்படுத்தும் பதிலில் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது என்று சொன்னாலும் நவம்பர் 3க்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

---

முகில்

சரி. வெரிஃபிகேஷன் பற்றி இன்றே அவர்களுக்கு மெயில் போட்டுவிட்டேன். 26ஆம் தேதிப் பேச்சை விட்டுவிட்டேன். பதிலும் போனஸும் இரண்டும் வந்துவிட்டால் செப்டம்பர் 1 மாலை போன், 2 காலை கடிதம். வாடிக்கையாளர் மீட்டிங் எதிலாவது என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் நாளை காலண்டரில் பார்க்க வேண்டும். இருந்தால் இங்கேதான் மறுபடி வந்து கேட்பேன்.